அமில மழையும் சுண்ணாம்புக் கணக்கும்

கேள்வி: புதுச்சேரியில் எங்களுடையது நூறு வருஷத்துச் சுண்ணாம்புக் கட்டடம். தெருப்பக்கம் கார்னிஸுக்கு அடியில் சுவர் கறுத்து, செதில் செதிலாக உதிர்கிறது. நெய்வேலி, கடலூர் பக்கத்துத் தொழிற்சாலைப் புகையால் வரும் அமில மழைதான் காரணம் என்கிறார் கொத்தனார். உண்மையா? அப்படியானால் ஊசுடு ஏரிக்கும் பண்ருட்டி முந்திரித் தோப்புகளுக்கும் ஆபத்து இல்லையா?

பதில்: கொத்தனார் சொன்னது பாதி சரி. உங்கள் சுவரைக் கந்தகப் புகை தின்றிருக்கலாம். ஆனால் அது மழை வழியாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு. மழை படாத கார்னிஸ் அடியில்தான் கறுத்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏரிக்கு இதனால் கவலையில்லை. முந்திரித் தோப்புக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதுவும் மழையைவிட உர மூட்டையைப் பற்றி. மூன்றுக்கும் ஏன் மூன்று விடை என்றால், எங்கே எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமிலம் வேலை செய்கிறது.

முதலில் புகை. நிலக்கரியிலும் பழுப்பு நிலக்கரியிலும் ஃபர்னஸ் எண்ணெயிலும் கந்தகம் இருக்கிறது. அது எரியும்போது கந்தக டை ஆக்சைடு வாயுவாகிறது. 1 கிலோ கந்தகம் எரிந்தால் 2 கிலோ வாயு. அது முழுதும் கந்தக அமிலமாக மாறினால் ஏறத்தாழ 3 கிலோ. பழுப்பு நிலக்கரியில் 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 1 கிலோ எரிக்க வேண்டியிருக்கும். 500 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 500 டன். அதில் கந்தகம் 0.6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 3 டன் கந்தகம், அதாவது 6 டன் கந்தக டை ஆக்சைடு. கொதிகலனிலும் லாரி என்ஜினிலும் உள்ள கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆவது தனி. அவை நைட்ரிக் அமிலமாகின்றன.

பலரும் இடறும் இடம் அடுத்தது. புகைபோக்கியை விட்டு வெளியே வந்ததும் வாயு அமிலமாகிவிடுவதில்லை. வெயிலும் ஈரமும் உள்ள காற்றில் மணிக்கு ஒரு சதவீதம், சில சமயம் கொஞ்சம் கூட, என்ற அளவில்தான் அது மாறும். மேகத்துளிக்குள் போய்விட்டால் கதை வேறு. அங்கே ஹைட்ரஜன் பெராக்சைடு காத்திருக்கும், மாற்றம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடும். நெய்வேலியிலிருந்து கடலூர் கரை வரை முப்பது நாற்பது கிலோமீட்டர். காற்று மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் இரண்டு மூன்று மணி நேரப் பயணம். அதற்குள் மேகம் குறுக்கிடாவிட்டால் வாயுவில் சில சதவீதம்தான் அமிலமாகியிருக்கும், மீதி வாயுவாகவே நம்மைக் கடந்து போகும். அமில மழை பெரும்பாலும் புகை கிளம்பிய ஊரில் பெய்யாது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் பெய்யும். பிரிட்டனும் ஜெர்மனியும் விட்ட புகைக்கு ஸ்வீடனும் நார்வேயும் விலை கொடுத்தது இப்படித்தான்.

நம் கரைக்குக் காற்றின் திசையும் ஒரு பாதுகாப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று, உள்நாட்டுப் புகையைக் கடல் பக்கம் தள்ளும். ஆனால் நமக்குப் பெரிய மழை அப்போது இல்லை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றோடு வருகிறது. அந்த மேகங்கள் வங்காள விரிகுடாவிலிருந்து வருபவை, நெய்வேலிப் புகையை எதிர்த்திசையில் உள்நாட்டுக்குள் தள்ளுபவை. ஆக, புகை நம் பக்கம் வரும் மாதங்களில் மழை குறைவு. மழை கொட்டும் மாதங்களில் புகை வேறு பக்கம். புகை உங்கள் சுவரைச் சேர்வது பெரும்பாலும் உலர்ந்த காற்றில்தான்.

இன்னொன்று, நம் ஊர்க் காற்றில் மண்தூசு நிறைய. அதில் கால்சியம் இருக்கிறது. மாட்டுச் சாணத்திலிருந்தும் யூரியாவிலிருந்தும் கிளம்பும் அம்மோனியாவும் சேர்கிறது. இவை இரண்டும் அமிலத்தை வழியிலேயே தீர்த்துவிடுகின்றன. மாசில்லாத மழைநீரே கரிமிலவாயு கரைவதால் பிஎச் 5.6 இருக்கும், அதற்குக் கீழே போனால்தான் அமில மழை என்ற பேச்சு. இந்தியாவில் பல இடங்களில் மழை அதற்கு மேலேயே இருந்து வந்ததற்குத் தூசுதான் காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. புகைபோக்கியில் சாம்பலைப் பிடிக்கும் கருவி கந்தக வாயுவைப் பிடிக்காது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். சாம்பலை மட்டும் பிடித்து வாயுவை விட்டால், அமிலத்தைப் போக விட்டு அதன் மாற்று மருந்தை எடுத்து வைத்துக்கொண்டதாகிறது.

பிஎச் மடக்கை அளவு என்பதை மறக்காதீர்கள். 5.6 லிருந்து 4 க்கு இறங்கினால் அமிலம் 40 மடங்கு. நீங்களே அளந்து பார்க்க விரும்பினால் லிட்மஸ் தாள் உதவாது. பிஎச் மீட்டரை 4, 7 என்ற இரண்டு பஃபர் கரைசல்களிலும் சரிபார்த்துவிட்டு அளக்க வேண்டும். மழைநீரில் உப்பு குறைவு என்பதால் மீட்டர் முள் நிலைக்கச் சில நிமிடங்கள் ஆகும், அவசரப்பட்டால் தவறான எண் வரும். பாத்திரத்தை வாலை வடித்த நீரில் அலசி, மரக்கிளையும் கூரையும் இல்லாத இடத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்து, மழை தொடங்கிய பிறகே மூடியைத் திறங்கள். முன்கூட்டியே திறந்து வைத்தால் விழுந்த தூசு அமிலத்தைத் தின்றுவிடும், மழை நல்லது என்று நம்பிவிடுவீர்கள். முதல் பத்து நிமிட நீரையும் பிறகு வரும் நீரையும் தனித்தனியே பிடியுங்கள். ஆய்வகத்தில் சல்பேட் பார்க்கச் சொன்னால் சோடியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் அலைத்துளியே சல்பேட்டைக் கொண்டு வரும். சோடியம் எடையில் கால் பங்கைச் சல்பேட்டிலிருந்து கழித்த பிறகு மிஞ்சுவதுதான் புகையின் கணக்கு.

இனி ஏரி. மோசமாகவே வைத்துக்கொள்வோம்: வருஷம் முழுக்கப் பெய்யும் 1300 மி.மீ. மழையும் பிஎச் 4.5 என்று. ஒரு சதுர மீட்டரில் 1300 லிட்டர் விழுகிறது. அதிலுள்ள அமிலம் முழுவதையும் தீர்க்க எவ்வளவு சுண்ணாம்பு வேண்டும் தெரியுமா? 2 கிராம்தான். 2 மீட்டர் ஆழமுள்ள ஏரியில் அதே சதுர மீட்டருக்குக் கீழே 2000 லிட்டர் நீர் நிற்கிறது. அந்த நீரின் காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தீர்க்கும் திறன், சுண்ணாம்புக் கணக்கில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்றால், 300 கிராம் சுண்ணாம்பு கையிருப்பு. 2 கிராம் செலவுக்கு 300 கிராம் கையிருப்பு, அதுவும் ஒவ்வொரு மழைக்காலமும் வரத்து வாய்க்கால் மண்ணிலிருந்து திரும்ப நிரப்புவது. ஊசுடு ஏரிக்கும் வீராணத்துக்கும் உள்ள தொல்லைகள் வேறு. சத்து மிகுந்த ஏரியில் பாசி பெருத்தால் பிற்பகலில் பிஎச் 9 கூடத் தாண்டும். விடியற்காலையில் மீன் மிதந்தால் முதலில் ஆக்சிஜனைப் பாருங்கள், அமிலத்தை அல்ல.

ஸ்காண்டிநேவியாவில் நிலைமை நேர்மாறு. கருங்கல் பாறைமேல் விரலளவு மண், ஏரி நீரில் காரத்தன்மை லிட்டருக்கு ஐந்து மில்லிகிராம் கூட இராது. கையிருப்பு தீர்ந்த கணத்திலிருந்து பிஎச் சரசரவென்று இறங்கும். பிஎச் 6 க்குக் கீழே நத்தையும் சில பூச்சிகளும் மறையும், 5 ஐ நெருங்கும்போது பல மீன்களின் முட்டைகள் பொரியாது. மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் அமிலத்தில் கரைந்து ஏரிக்கு வந்து, செவுளில் படிந்து மீனை மூச்சுத் திணற வைக்கும்.

மீன் எப்படிச் சாகிறது என்பதைக் கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியில் வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். அதன் பெயர் வெறும் எண்தான், ஏரி 223. டேவிட் ஷிண்ட்லர் குழு 1976 இலிருந்து அதில் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பிஎச்சை 6.8 இலிருந்து 5 வரை இறக்கியது. பெரிய டிரவுட் மீன்கள் அமிலத்தால் நேரடியாகச் சாகவில்லை. அவை தின்னும் சிறு இறால் வகையும் குட்டி மீனும் பிஎச் 6 க்குச் சற்றுக் கீழேயே அற்றுப்போயின. டிரவுட் எலும்பும் தோலுமாகிப் பட்டினியில் கிடந்தது. மேலோட்டமாகப் பார்த்தவருக்கு ஏரியில் பெரிய மீன் இருந்தது, அதனால் ஏரி நன்றாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். ஏரியைச் சோதிப்பவர் பெரிய மீனை எண்ணாமல் நத்தையையும் பூச்சியையும் எண்ணுவது இதனால்தான்.

காடுகளில் அமிலம் இலையைச் சுடுவதைவிட மண்ணைக் காலி செய்வதே பெரிய சேதம். மண்துகளில் ஒட்டியிருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அமிலம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். கழன்றவை நீரோடு ஓடையில் போய்விடும். பிறகு அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கெடுக்கும். மரம் உடனே சாகாது. வறட்சி, உறைபனி, பூச்சி என்று ஏதாவது ஒன்று வரும் வருஷத்தில் தாங்காமல் போகும், பழி பூச்சியின் மேல் விழும். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1999 இல் ஒரு முழு நீர்ப்பிடிப்பில் ஹெலிகாப்டரில் கால்சியம் சிலிகேட் தூவினார்கள். அங்கே மட்டும் மேப்பிள் மரங்களும் ஸ்புரூஸும் தேறின. மண்ணில் குறைந்துபோனது கால்சியம்தான் என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை கிடையாது.

நம் வட்டாரத்தில் சுண்ணாம்புக் கையிருப்பு மிகக் குறைவாக உள்ள இடம் பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்தான். பிச்சாவரம் அலையாத்திக்குக் கடல்நீரே காவல். முந்திரி நிற்கும் மண்ணுக்கு அந்தக் காவல் இல்லை, இயல்பிலேயே அது கொஞ்சம் அமிலத்தன்மை கொண்டது. முந்திரி அதைத் தாங்கும் மரம், அதனால் தெரிவதில்லை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பிஎச் 4.5 மழையே பெய்தாலும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 20 கிலோ சுண்ணாம்பில் தீர்ந்துவிடும். மரத்துக்கு அரைக் கிலோ தழைச்சத்து வீதம் 200 மரத்துக்கு 100 கிலோ யூரியாத் தழைச்சத்து போட்டால், அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது பிறக்கும் அமிலத்துக்குச் சுமார் 180 கிலோ சுண்ணாம்பு தேவை. உர மூட்டை வானத்தைவிட ஒன்பது மடங்கு அமிலம் போடுகிறது. மண் பரிசோதனையில் பிஎச் 5.5 க்குக் கீழே வந்தால் சுண்ணாம்பு இடுங்கள், எவ்வளவு என்பதை அந்த அறிக்கையே சொல்லும். அமிலம் கையாளும் ஆலைக்கு அருகே இலையோரம் திடீரென்று கருகினால் அது மழையின் வேலையல்ல, வாயுக் கசிவாக இருக்கலாம். ஒரே நாளில், ஒரே திசையில், பல வகைச் செடிகளில் சேர்ந்து வந்தால் அப்படிச் சந்தேகப்படுங்கள்.

இப்போது உங்கள் சுவர். ஏரிக்குக் கையிருப்பாக இருந்த அதே சுண்ணாம்புதான் உங்கள் சுவரின் உடம்பு. ஏரி நீரில் அது செலவானால் வரத்து நிரப்பும். சுவரில் செலவானால் சுவர் குறையும்.

மழை வழியாக வரும் அமிலம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 2 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும் என்று பார்த்தோம், அதுவும் மழை முழுக்க மோசமாக இருந்தால், தளத்தின்மேல் விழுந்தால். நேர்ச்சுவருக்கு இன்னும் குறைவு. காற்று வழியாக வருவதைப் பாருங்கள். கந்தக டை ஆக்சைடு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 20 மைக்ரோகிராம் என்று கொள்வோம். சட்டப்படி அனுமதித்த ஆண்டு வரம்பு 50. கடலோர ஈரத்தில் எப்போதும் நமுத்திருக்கும் சுண்ணாம்புப் பரப்பு வினாடிக்கு அரை சென்டிமீட்டர் உயரக் காற்றிலுள்ள வாயுவை உறிஞ்சிவிடும் என்று வைத்தால், ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 3 கிராம் வாயு சேர்கிறது. அது 5 கிராம் சுண்ணாம்பைத் தின்று சுமார் எட்டரை கிராம் ஜிப்சமாக்கும். நடப்பது இது:

CaCO3 + SO2 + ½O2 + 2H2O → CaSO4·2H2O + CO2

அனல் நிலையங்களில் வாயுவைப் பிடிக்க வைக்கும் கோபுரத்தில் சுண்ணாம்புக்கல் கூழைத் தெளிப்பார்கள். அங்கே நடப்பதும் இதே வினைதான். ஒரு டன் வாயுவுக்கு ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல் சுண்ணாம்புக்கல். அங்கே பிடிக்காததைக் கரையிலுள்ள பழைய சுவர்கள் பிடிக்கின்றன. டீசல் ஜெனரேட்டரும் பேருந்தும் லாரியும் தெருவிலேயே விடும் கரியும் இதில் சேரும்.

ஜிப்சம் ஏன் கெடுதல்? அது சுண்ணாம்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இடம் பிடிக்கும், அதனால் உள்ளே நெம்பிக்கொண்டு செதிலாகக் கிளம்பும். இரண்டாவது, அது நீரில் லிட்டருக்கு 2.4 கிராம் வரை கரையும், சுண்ணாம்பைவிடப் பல மடங்கு. ஆண்டு முழுக்கச் சேர்ந்த எட்டரை கிராமைக் கழுவ நாலு லிட்டர் மழைநீர் போதும். எனவே மழை நேரே அடிக்கும் இடத்தில் சுவர் வெள்ளையாக, அரித்து, மணல் தெரிய நிற்கும். மழை எட்டாத கார்னிஸ் அடியிலும் சுதை உருவங்களின் தாடைக்கு அடியிலும் ஜிப்சம் தங்கி, கரியைப் பிடித்துக் கறுத்து, தடித்து, ஒரு நாள் தோலோடு சேர்ந்து விழும். திருவதிகைக் கோயில் விமானத்தின் சுதைக்கும் இதே ஆபத்து உண்டு. அடியில் உள்ள கருங்கல்லுக்கு இல்லை, அதில் சுண்ணாம்பு கிட்டத்தட்டக் கிடையாது.

ஆனால் புதுச்சேரிச் சுவர்களில் உதிர்வதில் பெரும்பகுதி ஜிப்சம் அல்ல, கடலுப்பும் நிலத்தடி உவரும்தான். எது என்று பிரித்துப் பார்ப்பது கடினமல்ல. உவர் தரையிலிருந்து ஏறும், இடுப்பளவு வரை பொரிந்து, மேல்விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும். கறுப்பு மழை வழியும் தடத்திலேயே நீளமாக இறங்கியிருந்தால் அது பாசி. ப்ளீச்சிங் பவுடர் கரைசலை ஒரு துளி வைத்தால் சில நிமிடங்களில் வெளுக்கும், கரி படிந்த ஜிப்சம் வெளுக்காது. செதிலின் கறுப்புப் பக்கத்தைச் சுரண்டி எடுத்த தூளில் வினிகர் விட்டால் ஜிப்சம் பேசாமல் இருக்கும், உள்பக்கத்துச் சுண்ணாம்பு நுரைக்கும். ஒரே செதிலில் வெளிப்பக்கம் சும்மா இருந்து உள்பக்கம் நுரைத்தால் உங்கள் கொத்தனார் சொன்ன ஆள் பிடிபட்டுவிட்டான். உறுதிக்கு, பக்கத்துக் கல்லூரி வேதியியல் கூடத்தில் அதே தூளில் சல்பேட்டும் குளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். குளோரைடு மிகுந்தால் கடல், சல்பேட் மிகுந்தால் புகை. இரண்டும் சேர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரிசெய்வதில் மூன்று தவறுகள் வழக்கமாக நடக்கின்றன. டைல்ஸ் கழுவும் ஆசிட்டால் கறுப்பை நீக்குவது முதல் தவறு. கறுப்பு போகும், கூடவே சுண்ணாம்பும் போகும். சிமெண்டுப் பூச்சு இரண்டாவது. சுவரில் மிச்சமிருக்கும் சல்பேட் சிமெண்டிலுள்ள அலுமினேட்டோடு சேர்ந்து உப்பி, புதுப் பூச்சைப் பலகையாகத் தள்ளிவிடும். மூன்றாவது பிளாஸ்டிக் எமல்ஷன். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உப்பு படியும்.

செய்ய வேண்டியது: காய்ந்த மாதமாகப் பார்த்து, காகிதக் கூழை வாலை வடித்த நீரில் நனைத்து ஒரு விரல் கனத்தில் கறுத்த இடத்தில் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஓரிரு நாள் விட்டுப் பிறகு தாளை எடுத்துக் காயவிடுங்கள். காயும்போது ஜிப்சமும் உப்பும் கூழுக்குள் வந்துவிடும். இரண்டு மூன்று தடவை தேவைப்படும். தடித்த மேலோட்டுக்குக் கூழில் அம்மோனியம் கார்பனேட் கலப்பதுண்டு. அது ஜிப்சத்தைத் திரும்பச் சுண்ணாம்பாக்கும், ஆனால் மிஞ்சும் அம்மோனியம் சல்பேட்டை அலசி எடுக்காவிட்டால் அதுவே புது உப்பாகும். அதனால் சுதை வேலைப்பாடு உள்ள இடத்தில் பழக்கப்பட்டவர் கையில் விடுங்கள். உதிர்ந்த இடத்துக்கு மாதக்கணக்கில் நீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு.

அதன்மேல் ஆண்டுதோறும் வடகிழக்கு மழை முடிந்து பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு கோட்டில் சதுர மீட்டருக்கு 100 கிராமாவது ஏறும். புகை ஆண்டுக்குத் தின்பது 5 கிராம். அதை இந்தக் கோட்டிலிருந்து தின்னட்டும், சுவரிலிருந்து வேண்டாம். ஒன்று மட்டும்: கறுத்த ஜிப்சத்தை எடுக்காமல் மேலேயே வெள்ளையடித்தால் பிடிக்காது. அடுத்த மழைக்கு ஜிப்சம் நமுத்துக் கழலும்போது புதுச் சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு விழும்.